நாலு மூடையைத் திருப்ப வேண்டும், அடுத்த லொறியும் வர வேண்டும்

"ஐயா, தலவாக்கலையில் சின்னதாக ஒரு மசாலா மில் நடத்துகிறேன். மாத்தளையில் ஒரு முதலாளியிடம் இரண்டு கிழமைக்கு ஒருமுறை 400 கிலோ மிளகு எடுக்கிறேன், 30 நாள் கடன். லீற்றர் எடை, அதாவது ஒரு லீற்றர் மிளகின் எடை, 500 கிராமுக்குக் குறையக் கூடாது, நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் பேசித்தான் வாங்குவது. 9ஆம் திகதி திங்கட்கிழமை வந்த எட்டு மூடையில் பாதி பொக்கு, உள்ளே வெறுமை, ஈரமும் கூட. வியாழக்கிழமை ஒரு மூடையை அரைத்த பிறகுதான் தெரிந்தது. 'எல்லாவற்றையும் திருப்பி எடுங்கள், ஒரு சதமும் தரமாட்டேன், இப்படி ஏமாற்றினால் வழக்குப் போடுவேன்' என்று கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் கடனுக்குத் தர அவரை விட்டால் எனக்கு ஆள் இல்லை. அனுப்பலாமா?"
- ஒரு வாசகி, தலவாக்கலை

அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாம், மகள். எழுதியதைக் கிழித்தும் போட வேண்டாம். அதில் ஒரு வரி கட்டாயம் போக வேண்டியது: இந்த மூடைகள் எனக்கு வேண்டாம் என்பது. அது போவதில் ஒரு நாள் பிந்தினாலும் உங்களுக்குத்தான் நட்டம். மற்ற வரிகள்தான் மாற வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் தொலைபேசியில் பேசியபோது, முதலில் மூடை மூடையாக நிறுத்துப் பாருங்கள் என்று சொன்னேன். மாலையில் நீங்கள் அனுப்பிய எடைகள் இப்போது என் முன்னால் இருக்கின்றன. 2, 5, 7ஆம் மூடைகள் லீற்றருக்கு 512, 508, 505 கிராம். 3, 4, 6, 8ஆம் மூடைகள் 441, 436, 452, 447. இந்த ஏழு எண்கள் கைக்கு வந்ததுமே உங்கள் பிரச்சினை பாதியாகச் சுருங்கிவிட்டது. "பாதி பொக்கு" என்றால் அவர் வாதாடுவார். "நாலாம் மூடை 436 கிராம்" என்றால் வாதாட ஒன்றும் இல்லை, வந்து நிறுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

நீங்கள் நிறுத்த முறை சரிதானா என்று அவர் கேட்பார். அதனால் இன்னொரு தடவை ஒழுங்காகச் செய்துவிடுங்கள். நீங்கள் பயன்படுத்தும் பாத்திரம் உண்மையில் ஒரு லீற்றர்தானா என்று முதலில் பாருங்கள். வெறும் பாத்திரத்தைத் தராசில் வைத்து எடையைப் பூச்சியமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால் 1000 கிராம் காட்ட வேண்டும். கடையில் விற்கும் 'ஒரு லீற்றர்' குவளைகள் சில அதற்கு மேலேயும் பிடிக்கும். அப்படியானால் உங்கள் எண்கள் எல்லாமே பிழையாகிவிடும். பாத்திரத்தை நன்றாகத் துடைத்துக் காய வைத்து, மிளகை ஒரே சீராகக் கொட்டுங்கள். தட்டவோ குலுக்கவோ கூடாது, தட்டினால் மிளகு அமுங்கி எடை கூடிவிடும். மேலே குவிந்திருப்பதை ஒரு அடிமட்டத்தால் வழித்துவிட்டு நிறுங்கள். ஒவ்வொரு மூடைக்கும் மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள். மிளகை மூடையின் வாயிலிருந்து மட்டும் அள்ளாமல், குத்தூசியால் மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலும் எடுங்கள். நல்லதை மேலே போட்டுத் தைப்பது இந்தத் தொழிலில் பழைய பழக்கம். சில நேரம் வேண்டுமென்றே நடக்கும், சில நேரம் கடைசியாக வந்த சரக்கு மேலே விழுந்ததாகவும் இருக்கும்.

எடுத்த மிளகை மூடை வாரியாகக் கலந்து, கால் கிலோ அளவில் மூன்று பைகளாகக் கட்டுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று அவருக்கு. மூன்றாவது, பேச்சு முறிந்தால் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டியது. பொலித்தீன் பையைச் சூட்டில் ஒட்டி, ஒட்டின இடத்துக்கு மேலே ஒரு தாளை ஒட்டி, திகதியும் மூடை இலக்கமும் எழுதிக் கையொப்பம் போடுங்கள். உங்கள் ஆளோடு வெளியாள் ஒருவரும் கையொப்பம் வைத்தால் நல்லது, பக்கத்துக் கடைக்காரர் போதும்.

இனி ஈரம். இங்கேதான் உங்கள் கடிதம் வழுக்கி விழப் பார்க்கிறது. 100 கிராம் மிளகை ஓவனில் வைத்துக் காய வைத்தேன், 18 கிராம் குறைந்தது, ஆகவே ஈரப்பதன் 18 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணைக் கடிதத்தில் போடாதீர்கள். மிளகில் ஆவியாகும் எண்ணெய் இருக்கிறது, அந்த மணமே அதுதான். ஓவனில் வைத்தால் தண்ணீரோடு அதுவும் சேர்ந்து போகும், தராசு இரண்டையும் சேர்த்துத்தான் காட்டும். ஆய்வுகூடங்கள் மசாலாப் பொருள்களுக்கு டொலுயீன் என்ற திரவத்தோடு கொதிக்க வைத்து, பிரிந்து வரும் தண்ணீரை மட்டும் அளப்பது இதனால்தான். விஷயம் தெரிந்த ஒருவர் அவர் பக்கம் இருந்தால், உங்கள் 18 சதவீதத்தைக் காட்டி, கடிதத்தில் உள்ள மற்றச் சரியான எண்களையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஈரம் எங்கே ஏறியது என்று உங்களால் காட்ட முடியாது. மூடை நாலு நாள் உங்கள் களஞ்சியத்தில் இருந்தது. தலவாக்கலை மழை அவருக்கும் தெரியும். நெய்த பொலி மூடைக்குள் காற்று ஈரம் தாராளமாகப் போகும். "என் களஞ்சியத்தில் காய்ந்துதான் இருந்தது, உங்கள் ஊர்க் குளிரில் நனைந்திருக்கிறது" என்பார். அது பொய்யென்று நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்? மலைநாட்டில் சரக்கு எடுக்கும் எல்லோருக்கும் வரும் பதில் இது. நான் 23 வருடம் கொள்வனவுப் பகுதியில் இருந்தேன், இந்தப் பதிலைக் கேட்காத மழைக்காலமே இல்லை.

பொக்கு அப்படியல்ல. உள்ளே பருப்பு வைக்காத மிளகு கொடியிலேயே அப்படித்தான் இருந்தது. முற்றுவதற்கு முன் பறித்தால் காயும்போது தோல் மட்டும் சுருங்கி உள்ளே வெறுமையாகிவிடும். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் நொறுங்கிப் போகும். எந்தக் களஞ்சியமும், எந்த மழையும் முற்றிய மிளகைப் பொக்காக்காது. அதனால் கடிதத்தின் முதல் குறை லீற்றர் எடையாக இருக்கட்டும். அது உங்கள் கையில் நடந்திருக்க முடியாத குறை. ஈரத்தை இரண்டாவதாக, எண் போடாமல், கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்: ஆறாம் மூடையின் அடியில் வெள்ளைப் பூஞ்சணம், படம் இணைத்திருக்கிறேன் என்று. அவ்வளவு போதும்.

மிளகைத் தண்ணீரில் போட்டு எத்தனை மிதக்கிறது என்று எண்ணி எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நல்ல மிளகின் சுருக்கங்களிலும் காற்று நிற்கும், அதுவும் கொஞ்ச நேரம் மிதக்கும். ஆய்வுகூடத்தில் பொக்கைப் பிரிக்கத் தண்ணீரை விட இலேசான ஸ்பிரிட் கரைசலைத்தான் எடுக்கிறார்கள்.

அடுத்தது நீங்கள் அரைத்த முதலாம் மூடை. அதைத் திருப்பக் கேட்க வேண்டாம், காசைக் குறைக்கவும் கேட்க வேண்டாம். அதன் மாதிரி உங்களிடம் இல்லை, அது நல்லதா கெட்டதா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. கேட்டீர்களானால், "காட்ட முடியாததையும் சேர்த்துக் கேட்கிறாள்" என்ற எண்ணம் வந்து, காட்டக்கூடிய நாலு மூடையிலும் சந்தேகம் விழும். ஆனால் அந்தத் தூளில் பூஞ்சண வாசம் இருந்தால் கடைகளுக்குப் போன பைக்கற்றுகளைத் திருப்பி எடுத்துவிடுங்கள். பூஞ்சண நச்சு அரைத்தாலும் வறுத்தாலும் முழுதாகப் போவதில்லை. இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வழக்கு என்ற சொல்லை நீங்கள் கையில் எடுத்திருக்கிறீர்கள். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம்தான் இன்றும் நம் நாட்டில் இதற்கு அடிப்படை. சொல்லி வாங்கிய தரத்தில் சரக்கு வராவிட்டால் வாங்கியவர் மறுக்கலாம். பார்த்துச் சோதிக்க அவருக்கு நியாயமான அவகாசம் உண்டு. மறுத்த சரக்கைத் தன் செலவில் திருப்பி அனுப்ப வேண்டிய கடமை இல்லை, ஏற்கவில்லை என்று அறிவித்தால் போதும். இதெல்லாம் உங்கள் பக்கம். மறு பக்கமும் இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் நாள் கடத்தினாலோ, சரக்கைப் பயன்படுத்தினாலோ ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். ஒரே ஓடரில் வந்ததில் ஒரு பகுதியை ஏற்றுவிட்டால், மீதியை மறுக்கும் உரிமையே கேள்விக்குரியதாகி, நட்டஈடு கேட்கும் உரிமைதான் மிஞ்சும் என்ற வாதமும் வரும். நீங்கள் ஒரு மூடையை அரைத்துவிட்டீர்கள். அவர் ஒரு சட்டத்தரணியிடம் போனால் இதைத்தான் முதலில் கேட்பார்கள். ஆகவே வழக்கு மிரட்டல் உங்களுக்குப் பலம் தராது, அவரைச் சட்டத்தரணியிடம் அனுப்பி வைக்கும். மீதி ஏழில் இனி நாலைத் தொடாமல், இன்றே எழுத்தில் சொல்லுங்கள். நல்ல மூன்றை அரைக்கப் போவதையும் கடிதத்திலேயே அறிவியுங்கள். நாலையும் தனியாகத் தட்டுப்பலகை மேல், சுவரில் படாமல் அடுக்கி, மேலே பொலித்தீன் விரித்து மூடுங்கள். உங்கள் இடத்தில் இருக்கும்போது அவை மேலும் கெட்டால் அந்தப் பழி உங்களுடையது.

இனி லொறி நிற்காமல் வருவது. இதில் எனக்கே ஒரு அடி விழுந்திருக்கிறது. கண்டியில் வேலை செய்த காலத்தில், சித்திரைப் புத்தாண்டுக்கு மூன்று கிழமை இருக்கும்போது ஒருவர் தந்த மல்லியில் கல் இருந்தது. நான் கோபத்தில் முழு லொறியையும் மறுத்து, பழைய பில்கள் உட்பட எல்லாக் கொடுப்பனவையும் நிறுத்திக் கடிதம் போட்டேன். அவர் பதில் எழுதவே இல்லை. எங்களுக்கென்று ஏற்றி வைத்திருந்த அடுத்த சரக்கை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். ஒன்பது நாள் மில் நின்றது. கல் உண்மையில் மூன்றிலொரு பங்கு மூடைகளில்தான் இருந்தது. அந்த மூன்றிலொரு பங்கை மட்டும் பேசியிருந்தால் ஒரு நாளும் நின்றிருக்காது.

ஆகவே கெட்டது எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் கதவை மூடுங்கள். எட்டு மூடை, கிலோ 1,800 ரூபா வீதம் 720,000. நாலு மூடை 200 கிலோ, 360,000 ரூபா. நிறுத்தி வைப்பது இந்த 360,000 மட்டும். அரைத்த மூடைக்கும் நல்ல மூன்றுக்குமான 360,000 தவணை நாளில் வரும் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். அதற்கு முந்திய பில்களைத் தொடவே வேண்டாம். கடனுக்குச் சரக்குத் தருபவருக்குச் சரக்குப் பிழை என்ற செய்தியை விட, காசு வராது என்ற செய்திதான் பயத்தைத் தரும். பயந்தவர் முதலில் செய்வது ஏற்றுவதை நிறுத்துவது.

அப்புறம் நாளும் கிலோவும். "உடனே மாற்றித் தரவும்" என்று எழுதியிருக்கிறீர்கள். உடனே என்றால் எப்போது? 200 கிலோ நல்ல மிளகை அவர் ஒரே நாளில் சேர்க்க முடியாமல் போகலாம். முடியாததைக் கேட்டால் பதிலே வராது, அல்லது அதே மாதிரி மிளகு இன்னொரு மூடையில் வரும். உங்கள் தேவையிலிருந்து கணக்குப் போடுங்கள். நாளொன்றுக்கு 30 கிலோ அரைக்கிறீர்கள். நல்ல மூன்று மூடை 150 கிலோ, ஐந்து நாள். இன்று 13, வெள்ளி. நாளை தொடங்கினால், ஞாயிறு லீவு போக, வியாழன் 19 வரை ஓடும். அடுத்த வழமையான லொறி 23 திங்கட்கிழமை. நடுவில் 20, 21 இரண்டு நாளுக்கு 60 கிலோ வேண்டும், திங்களன்று லொறி பிந்தினால் இன்னொரு 30. ஆக இப்போது அவசரமாக வேண்டியது 100 கிலோதான், இரண்டு மூடை. அதை 17ஆம் திகதி செவ்வாய்க்குள் கேளுங்கள். கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து பாதை அடைத்தாலும் இரண்டு நாள் கையில் இருக்கும். மற்ற 100 கிலோவை 23ஆம் திகதி லொறியில், வழமையான 400 கிலோவோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மூடை என்றால் அவர் இன்றே ஆம் சொல்லக்கூடும்.

கடிதம் போவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு. திடீரென்று தபால்காரன் கையில் புகார்க் கடிதம் வந்தால் எந்த மனிதருக்கும் முகம் சுருங்கும். "முதலாளி, இந்த முறை நாலு மூடை இலேசாக வந்திருக்கு. நிறுத்துப் படம் எடுத்து வைச்சிருக்கேன். கணக்குக்காக ஒரு கடிதமும் போடுறேன், கோபிக்காதீங்க" என்று சொல்லுங்கள். அவர் வேண்டுமென்று செய்தார் என்று நினைத்துப் பேச வேண்டாம். அவரும் வீட்டுத் தோட்டங்களில் ஐந்து கிலோ, பத்துக் கிலோவாகச் சேர்க்கிறவர். களவு போய்விடும் என்ற பயத்திலும் கைச்செலவுக்கும் முற்றாமல் பறித்து விற்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். அது அவர் களஞ்சியத்தில் கலந்திருக்கலாம். இன்னொன்றும் அவருக்கு நினைவூட்டலாம்: எண்ணெய் எடுக்கும் தொழிற்சாலைகள் இலேசான மிளகையே தனியாக வாங்குகின்றன. 3, 4, 8ஆம் மூடைகள் அவருக்கு முழு நட்டமாகாது. அரைத்து விற்கும் உங்களுக்குத்தான் அவை உதவாது. பூஞ்சணம் பிடித்த ஆறாவது மூடை மட்டும் உணவுக்குப் போகக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கடிதத்தை இப்படி எழுதலாம். உங்கள் பெயரும் பில் இலக்கமும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

*அன்புடையீர்,*

*பொருள்: 9ஆம் திகதி வந்த மிளகில் நாலு மூடைக்கு மாற்றும், 23ஆம் திகதிக்கான ஓடரும்*

*இம்மாதம் 9ஆம் திகதி உங்களிடமிருந்து 50 கிலோ வீதம் எட்டு மூடை மிளகு கிடைத்தது. லீற்றர் எடை 500 கிராமுக்குக் குறையாத, நன்கு காய்ந்த மிளகு என்று வாட்ஸ்அப்பில் பேசி ஓடர் கொடுத்திருந்தேன். அந்தச் செய்தியின் படத்தை இணைத்துள்ளேன்.*

*13ஆம் திகதி மூடை வாரியாக நிறுத்துப் பார்த்ததில் 2, 5, 7ஆம் மூடைகள் சரியாக உள்ளன. 3ஆம் மூடை 441, 4ஆம் மூடை 436, 6ஆம் மூடை 452, 8ஆம் மூடை 447 கிராம். 6ஆம் மூடையின் அடியில் பூஞ்சணமும் இருக்கிறது. இந்த நாலு மூடையையும், மொத்தம் 200 கிலோ, நான் ஏற்றுக்கொள்ளவில்லை. அவை திறந்து சோதித்த நிலையில், பயன்படுத்தாமல், தனியாக வைக்கப்பட்டுள்ளன. ஒட்டிக் கையொப்பமிட்ட மாதிரி உங்களுக்கும் ஒன்று இருக்கிறது. நீங்களோ உங்கள் ஆளோ எப்போதும் வந்து நிறுத்துப் பார்க்கலாம். 1ஆம் மூடையை அரைத்துவிட்டேன், அதில் கேட்பதற்கு ஒன்றுமில்லை. சரியாக உள்ள மூன்றையும் நாளை முதல் அரைக்கிறேன்.*

*பேசிய தரத்தில் 100 கிலோவை 17ஆம் திகதி செவ்வாய்க்கிழமைக்குள்ளும், மீதி 100 கிலோவை 23ஆம் திகதி லொறியிலும் மாற்றாகத் தர வேண்டுகிறேன். முதல் 100 கிலோ வரும் வண்டியிலேயே இந்த நாலு மூடையையும் ஏற்றிவிடுகிறேன். ஏற்றுக்கூலி, போக்குவரத்து உங்கள் பொறுப்பாக இருக்க வேண்டும்.*

*ஏற்றுக்கொண்ட நாலு மூடைக்கான 360,000 ரூபாவைத் தவணை நாளில் வழமைபோல் தருவேன். மற்ற 360,000 ரூபாவை, மாற்றுச் சரக்கு வந்து நிறுத்துப் பார்த்த நாளிலிருந்து அதே 30 நாள் தவணையில் தருவேன். முந்திய பில்களில் எந்த மாற்றமும் இல்லை.*

*23ஆம் திகதிக்கான வழமையான 400 கிலோ ஓடரை இக்கடிதத்தாலேயே உறுதிப்படுத்துகிறேன். இனி வரும் மூடைகளை இறக்கும்போதே உங்கள் சாரதி முன்னிலையில் நிறுத்துப் பார்த்து, 500 கிராமுக்குக் குறைந்தவற்றை அதே வண்டியில் திருப்பி ஏற்ற உடன்படும்படி கேட்கிறேன்.*

*17ஆம் திகதி மாலைக்குள் முதல் 100 கிலோ வர வழி இல்லையென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த 100 கிலோவை மட்டும் வெளியில் வாங்குவேன். அதற்குக் கூடுதலாகும் விலையை நிறுத்தி வைத்துள்ள தொகையில் எப்படிச் சரிசெய்வது என்று பேசிக்கொள்வோம்.*

*இப்படிக்கு,*

இதில் ஏமாற்று, மோசடி, வழக்கு என்று எந்தச் சொல்லும் இல்லை, பாருங்கள். ஆனால் "ஏற்றுக்கொள்ளவில்லை" என்ற சொல் இருக்கிறது. அதை மென்மையாக்க வேண்டாம். "சற்றுத் திருப்தியில்லை", "கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்" என்று எழுதினால் பிறகு அது மறுப்பாக எடுபடாது. கெட்ட மூடைக்கான மறுப்பும் அடுத்த ஓடரும் ஒரே தாளில் இருப்பதும் காரணத்தோடுதான். தனித்தனியாக அனுப்பினால் மறுப்புக் கடிதம் முதலில் போய்ச் சேரும், ஓடர் போவதற்குள் அவர் மனம் மாறியிருக்கும்.

கடிதத்தைக் கையொப்பமிட்டுப் படமெடுத்து இன்றே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், மூலப்பிரதியைப் பதிவுத் தபாலில் போடுங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி மின்னணுச் செய்தியும் எழுத்தாக ஏற்கப்படும். ஆகவே ஓடர் பேசிய பழைய வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். போன் மாற்றும்போது அவைதான் முதலில் தொலையும்.

அவரிடமிருந்து பெரும்பாலும் வரக்கூடிய பதில், "சரி, கிலோவுக்கு ஒரு 200 ரூபா குறைச்சுக்கங்க, அரைச்சிடுங்க" என்பது. கேட்க நன்றாக இருக்கும், 200 கிலோவுக்கு 40,000 ரூபா. ஆனால் அந்தத் தூளில் தோல்தான் அதிகம். உங்கள் 100 கிராம் பைக்கற்றை வாங்கும் ஹட்டன் கடைக்காரர் ஒரு தடவை சொல்வார், இரண்டாம் தடவை வேறு ஆளிடம் போய்விடுவார். நல்லதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அரைக்கலாம் என்ற யோசனையும் வரும். கலந்த நிமிடத்திலேயே நீங்கள் ஏற்றுக்கொண்டவராகிவிடுவீர்கள், நல்ல 150 கிலோவும் கெட்டுப் போகும். ஈரமாக இருந்ததை மட்டும் நீங்களே காய வைத்துக்கொள்ளுங்கள் என்றால், கணக்கைக் காட்டுங்கள்: 16 சதவீதம் ஈரமுள்ள 200 கிலோவை 12 சதவீதத்துக்குக் காய வைத்தால் மிஞ்சுவது 191 கிலோதான். ஒன்பது கிலோ தண்ணீருக்கு 16,000 ரூபாவுக்கு மேல் கொடுத்தது போலாகும். பூஞ்சணமோ, பொக்கோ அதனால் போகவும் போகாது.

எடையையே ஒப்புக்கொள்ளவில்லை என்றால்தான் மூன்றாவது மாதிரிப் பை வெளியே வர வேண்டும். கொழும்பில் உள்ள கைத்தொழில் தொழினுட்ப நிறுவகம் போன்ற இரண்டு பேரும் நம்பும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, பிழை யார் பக்கமோ அவர் கட்டணத்தைக் கட்டுவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நாலு மூடைக்கு அவ்வளவு தூரம் போக அவரும் விரும்பமாட்டார்.

செவ்வாய்க்கிழமை வண்டி வந்ததும் அவசரப்பட்டுக் கெட்ட மூடைகளை ஏற்றிவிடாதீர்கள். புதிய இரண்டையும் சாரதி பக்கத்தில் நிற்க, குத்தூசி போட்டு, லீற்றர் பாத்திரத்தில் நிறுங்கள். இரண்டும் 500க்கு மேல் வந்தால் மட்டும் நாலையும் நிறுத்து ஏற்றுங்கள். மூடை இலக்கமும் எடையும் எழுதிய தாளில் சாரதியின் கையொப்பம், வண்டி இலக்கம் இரண்டும் வேண்டும். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு மூடையின் உள்பக்கத் தையலோரமாக அழியாத மையால் சின்னதாக ஒரு அடையாளம் போடுங்கள், மூடைக்குள்ளும் ஒரு துண்டுச் சிவப்பு நூலைப் போட்டுவிடுங்கள். திருப்பி அனுப்பிய சரக்கு வேறு மூடையில் தைத்து அடுத்த லொறியில் வந்ததை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். 23ஆம் திகதி பத்து மூடை இறங்கும்போது, குத்தூசியில் வரும் மிளகோடு அந்தச் சிவப்பு நூலையும் தேடுங்கள்.